பழைய மதிப்புரையை நீக்கப் போகிறீர்களா? முதலில் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்

என் அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தபின் சில மாதங்கள் ஒரு இயன்முறை சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அங்கே நடந்த தாமதத்தில் கோபம் வந்து, ஒரு மதிப்புரைத் தளத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதினேன். தனியாகக் கணக்குத் தொடங்க அலுப்பாக இருந்ததால் ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தி உள்ளே போனேன். பல ஆண்டுகள் கழித்து, உறவினர் ஒருவர் அதை அம்மாவிடம் காட்டினார். என் முழுப்பெயர், என் புகைப்படம், அதற்குக் கீழே அம்மாவின் நோய், மருந்து, அவர் படும் வலி, எல்லாம் இருந்தன. "என் உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயே" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே அதை நீக்க உட்கார்ந்தேன். செய்யக்கூடாத காரியத்தை முதலில் செய்ததால், பத்து நிமிட வேலை ஆறு வாரம் இழுத்தது. அந்த ஆறு வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை நீக்குவது முதல் ஆறு படிகளில் இருக்கிறது. உங்கள் தொழில் பக்கத்தில் மற்றவர்கள் எழுதியதை அகற்றுவது ஏழாவது படி. இரண்டிலும் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

## 1. இணைப்பைத் துண்டிக்காதீர்கள்

நான் செய்த தவறு இதுதான். ஃபேஸ்புக் அமைப்புகளில் `Apps and websites` என்ற பகுதிக்குப் போய், அந்தத் தளத்தின் பெயருக்கு எதிரே இருந்த `Remove` பொத்தானை அழுத்தினேன். இணைப்புப் போனால் அதன் வழியாக எழுதியதும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மதிப்புரை அப்படியே இருந்தது. என் பெயரும் புகைப்படமும்கூட அப்படியே இருந்தன.

காரணம் எளிமையானது. அந்தப் பொத்தானை முதன்முறை அழுத்தியபோது ஃபேஸ்புக் உங்கள் பெயர், படம், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை அந்தத் தளத்திடம் கொடுக்கிறது. தளம் அவற்றைத் தன்னிடம் பதிந்துகொண்டு உங்களுக்காக ஒரு கணக்கைத் திறக்கிறது. மதிப்புரை அந்தக் கணக்கில்தான் சேர்கிறது, ஃபேஸ்புக்கில் அல்ல. ஃபேஸ்புக் அங்கே வாசற்கதவின் சாவி மட்டுமே. சாவியை எறிந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் பொருள் காணாமல் போவதில்லை, நாம்தான் வெளியே நிற்போம். கூகுள், ஆப்பிள் வழியாக உள்ளே போனாலும் இதே கதைதான்.

துண்டிக்கும்போது, அந்தத் தளம் உங்கள் காலக்கோட்டில் இட்ட பதிவுகளையும் நீக்கலாமா என்று ஃபேஸ்புக் கேட்கும். அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது ஃபேஸ்புக்குக்குள் இருக்கும் பதிவுகளை மட்டுமே குறிக்கிறது. வெளித்தளத்தில் நீங்கள் எழுதியதை அது தொடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஃபேஸ்புக் கணக்கையே அழித்துவிடுவது. நீக்கக் கோரிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திரும்ப உள்ளே வந்தால் அதை ரத்து செய்யலாம். அதன்பின் அந்தச் சாவி நிரந்தரமாகப் போய்விடும். ஃபேஸ்புக்கை விட்டு விலக முடிவு செய்திருப்பவர்கள், விலகுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

## 2. எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று தேடுங்கள்

ஒன்றை நீக்க உட்கார்ந்தால் நான்கு கிடைக்கும். எனக்கு மூன்று கிடைத்தன. இரண்டை எழுதியதாகவே நினைவில்லை.

முதலில் மேலே சொன்ன `Apps and websites` பட்டியலைப் பாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாத தளங்கள் அங்கே காலாவதியானவை என்று தனியாக இருக்கும். நாம் தேடும் பழைய தளங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும் என்பதால் அதைத் தவறவிடாதீர்கள். காலாவதி என்றால் உங்கள் ஃபேஸ்புக் தகவலை அந்தத் தளம் புதிதாக எடுக்க முடியாது என்றே பொருள். ஏற்கெனவே எழுதியது அங்கேயேதான் இருக்கும்.

கூகுளுக்கு இந்த முகவரி:

```
myaccount.google.com/connections
```

ஆப்பிள் சாதனம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தங்கள் பெயரைத் தொட்டால், `Sign in with Apple` என்ற தலைப்பின்கீழ் பட்டியல் இருக்கும்.

அடுத்தது உங்கள் மின்னஞ்சல் பெட்டி. மதிப்புரை எழுதியதும் பல தளங்கள் நன்றி மடல் அனுப்பும். `your review` என்று தேடிப் பாருங்கள். அந்த மடல்களை அழிக்காதீர்கள். கணக்கு உங்களுடையது என்று பின்னால் நிரூபிக்க வேண்டி வந்தால் அவைதான் சான்று.

கடைசியாகத் தேடுபொறி. தளத்தின் பெயர் தெரிந்தால் அதற்குள் மட்டும் இப்படித் தேடலாம்:

```
site:example.com "உங்கள் பெயர்"
```

அந்தத் தளத்தில் உங்கள் பெயர் எந்த எழுத்தில், எந்த வடிவில் பதிவாகியிருக்கிறதோ அப்படியே இட வேண்டும். நான் தமிழில் தேடியபோது ஒன்றும் வரவில்லை. ஃபேஸ்புக்கில் அப்போது ஆங்கில எழுத்தில், தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டு வைத்திருந்தேன். அப்படித் தேடிய பிறகுதான் மூன்றாவது மதிப்புரை அகப்பட்டது. இடையில் ஃபேஸ்புக்கில் பெயரை மாற்றியிருந்தாலும், தளங்கள் பெரும்பாலும் பழைய பெயரையே வைத்திருக்கும்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் அதன் நேரடி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். பெயர், தேதி, நட்சத்திரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும்.

## 3. சரியான கணக்குக்குள் நுழையுங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் வீணாகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துண்டித்த பிறகு நான் அந்தத் தளத்துக்குப் போய் கூகுள் பொத்தானை அழுத்தினேன். உள்ளே போக முடிந்தது. ஆனால் என் பக்கம் காலியாக இருந்தது. மதிப்புரை இல்லை, புகைப்படம் இல்லை, சேர்ந்த தேதி அன்றைய தேதியாக இருந்தது. தளம் எனக்குப் புதிதாக இன்னொரு கணக்கைத் திறந்துவிட்டது. நுழைந்தவுடன் வரவேற்பு வாசகமும் காலிப் பக்கமும் வந்தால், நீங்கள் வேறு கதவு வழியாக வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே எதையும் எழுதாதீர்கள், உங்கள் பழைய மின்னஞ்சலையும் சேர்க்காதீர்கள். ஒரே மின்னஞ்சலை இரண்டு கணக்குகளில் வைக்கத் தளங்கள் பொதுவாக விடுவதில்லை. புதுக் கணக்கில் அதைப் பூட்டிவிட்டால், பழைய கணக்கை மீட்கும்போது "இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது" என்று தடுக்கும். நானும் அப்படித் தடுக்கப்பட்டேன். அந்தப் புதுக் கணக்கை முதலில் மூடி, அது முழுமையாகக் கலையும்வரை காத்திருந்ததிலேயே பாதி நாட்கள் கரைந்தன.

துண்டித்துவிட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஃபேஸ்புக் ஒவ்வொரு செயலிக்கும் உங்களைக் குறிக்க ஒரு தனி எண்ணைக் கொடுக்கிறது. தளம் உங்களை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே ஃபேஸ்புக் கணக்கிலிருந்து அதே தளத்தில் மறுபடியும் நுழைந்தால் அதே எண்தான் போகும். தளம் உங்கள் பழைய கணக்கை அழிக்காமல் வைத்திருந்தால் அது திறந்துகொள்ளும். ஆகவே பதற்றப்பட்டு வேறு பொத்தான்களை அழுத்தாமல், முதலில் எதன் வழியாக நுழைந்தீர்களோ அதே வழியில் இன்னொரு முறை முயலுங்கள்.

தளத்தில் ஃபேஸ்புக் பொத்தானே இப்போது இல்லையென்றால், கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியில் போங்கள். கடவுச்சொல்லே வைத்ததில்லையே என்று தயங்க வேண்டாம். அன்று ஃபேஸ்புக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி தளத்திடம் இருக்கும். புதிய கடவுச்சொல் வைப்பதற்கான இணைப்பு அந்த முகவரிக்கு வரும். இரண்டு நிலைமைகளில் இது பலிக்காது. ஃபேஸ்புக் கணக்கைக் கைப்பேசி எண்ணை மட்டும் வைத்துத் தொடங்கியிருந்தால் தளத்திடம் உங்கள் மின்னஞ்சல் இருந்திருக்காது. ஆப்பிளில் மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்திருந்தால், தளத்திடம் இருப்பது `@privaterelay.appleid.com` என்று முடியும் முகவரி. அதற்கு வரும் மடல் உங்கள் உண்மையான பெட்டிக்குத் திருப்பிவிடப்படும். அந்தத் திருப்பிவிடுதலை நிறுத்தியிருந்தால் மடல் வராது. ஆப்பிள் அமைப்புகளில் அதை மீண்டும் இயக்கிவிட்டு முயல வேண்டும். கடவுச்சொல் மறந்த பக்கத்தில் இட வேண்டியதும் அந்த நீண்ட முகவரிதான், உங்கள் சொந்த முகவரி அல்ல.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கணக்கு அமைப்புகளுக்குப் போய், இப்போது பயன்பாட்டில் இருக்கும் மின்னஞ்சலையும் ஒரு கடவுச்சொல்லையும் சேர்த்துவிடுங்கள். இனி எந்த ஊடகத்தின் தயவும் இல்லாமல் உள்ளே போகலாம்.

## 4. ஒவ்வொன்றாக நீக்குங்கள், கணக்கைப் பிறகு மூடுங்கள்

கணக்கை மூடினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். சில தளங்கள் கணக்கை மூடும்போது மதிப்புரைகளையும் எடுத்துவிடுகின்றன. சில தளங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு எழுத்தை அப்படியே விட்டுவைக்கின்றன. என் விஷயத்தில் அது பெரும் கேடாக முடிந்திருக்கும். என் பெயர் போனாலும் அம்மாவின் நோய் விவரம் அங்கேயே நின்றிருக்கும், அதை எடுக்க என்னிடம் கணக்கும் இருந்திருக்காது. ஆகவே முதலில் மதிப்புரை, பிறகு புகைப்படங்கள், கடைசியில் கணக்கு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

நட்சத்திரம் மட்டும் போட்டு எதுவும் எழுதாத மதிப்பீடுகள், நாம் எழுதியவற்றின் பட்டியலில் எல்லாத் தளங்களிலும் வருவதில்லை. அந்தந்த நிறுவனத்தின் பக்கத்துக்கே போனால் உங்கள் நட்சத்திரம் நிறம் ஏறியிருப்பதைக் காணலாம். அங்கிருந்தே எடுக்க வேண்டும்.

கூகுள் மேப்ஸில் வழி நேரானது. செயலியில் உங்கள் பங்களிப்புகள் பகுதிக்குப் போய், மதிப்புரைகளைத் திறந்து, ஒவ்வொன்றின் அருகிலும் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு நீக்கலாம். புகைப்படங்கள் பட்டியலையும் தனியாகத் திறந்து பாருங்கள். பல கூகுள் கணக்குகள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கணக்காக மாறிப் பார்க்க வேண்டும். நீக்குவதற்குமுன் நகல் வேண்டுமென்றால், கூகுளின் `Takeout` சேவையில் மேப்ஸ் தரவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மதிப்புரைகள் அதில் வரும்.

ஃபேஸ்புக்குக்குள்ளேயே ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் எழுதியது வேறு விஷயம். 2018-ல் ஐந்து நட்சத்திர முறையை மாற்றி, பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் எழுதியது எந்த முறையைச் சேர்ந்ததாக இருந்தாலும், அந்தப் பக்கத்தின் `Reviews` பகுதியில் உங்கள் பதிவைக் கண்டுபிடித்து, மூன்று புள்ளிகள் வழியாக நீக்கலாம்.

## 5. உள்ளேயே போக முடியாதவர்கள் எழுத வேண்டிய மடல்

ஃபேஸ்புக் கணக்கே போய்விட்டது, மின்னஞ்சலும் இல்லை என்றால் தளத்துக்கு நேரடியாக எழுதுவதுதான் வழி. முகவரியை உதவிப் பக்கத்தில் தேடுவதைவிடத் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் தேடுங்கள். தரவு நீக்கக் கோரிக்கைக்கான முகவரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஃபேஸ்புக் கணக்கு இன்னும் இருக்கிறது, தளம்தான் உள்ளே விட மறுக்கிறது என்றால் இன்னொரு பாதையும் உண்டு. `Apps and websites` பகுதியில் நீக்கப்பட்ட தளங்களின் பட்டியலைத் திறந்தால், உங்கள் தகவலை அழிக்கும்படி அந்தத் தளத்துக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி சில தளங்களுக்கு இருக்கும். அந்தத் தளத்தில் உங்களைக் குறிக்கும் எண்ணையும் அதே பகுதியில் பார்க்கலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் ஊழியருக்கு உங்கள் பெயரைவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

என் முதல் மடலில் மனக்கஷ்டத்தையெல்லாம் கொட்டியிருந்தேன். பொதுவான ஒரு பதில்தான் வந்தது. இரண்டாவது மடல் இப்படி இருந்தது:

> கீழ்க்கண்ட மதிப்புரையை எழுதியவன் நான். மதிப்புரையின் முகவரி இது. அதில் தெரியும் பெயர் இது. ஃபேஸ்புக் வழியாக நுழைந்து எழுதினேன். உங்கள் தளத்தில் என்னைக் குறிக்கும் ஃபேஸ்புக் எண் இது. அப்போது பயன்படுத்திய மின்னஞ்சல் இது. நீங்கள் அனுப்பிய நன்றி மடலின் நகலை இணைத்திருக்கிறேன். மதிப்புரை, நட்சத்திர மதிப்பீடு, இணைத்த படங்கள் மூன்றையும் நீக்க வேண்டுகிறேன். இதில் இன்னொருவரின் உடல்நல விவரம் இருக்கிறது. நீக்கியதும் மடல் வழியாகத் தெரிவியுங்கள்.

தளம் புரிந்துகொள்ளும் மொழியில் இதை எழுதுங்கள். நன்றி மடல் எந்த முகவரிக்கு வந்ததோ அங்கிருந்தே அனுப்புங்கள். அதுவே பாதி நிரூபணம். அடையாள அட்டை நகலைத் தாமாக அனுப்ப வேண்டாம். கேட்டால், பெயரையும் படத்தையும் தவிர மற்ற எண்களை மறைத்து அனுப்புங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கிறது. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். மற்ற இடங்களில் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. எனக்கு இரண்டாவது மடல் அனுப்பிய எட்டாம் நாள் பதில் வந்தது. கணக்கைத் திறந்து கொடுத்தார்கள், நானே நீக்கினேன்.

## 6. போய்விட்டதா என்று பாருங்கள், அதன்பின் துண்டியுங்கள்

நீக்கிய கணக்கிலேயே நின்றுகொண்டு பார்த்தால் போதாது. உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், குறித்துவைத்த நேரடி முகவரியைத் திறந்து பாருங்கள். பக்கம் இல்லை என்று வந்தாலோ, நிறுவனத்தின் பக்கம் திறந்து அதில் உங்கள் எழுத்து இல்லாமல் இருந்தாலோ வேலை முடிந்தது.

தளத்தில் போன பிறகும் தேடல் முடிவில் இரண்டு வரிகள் தெரிந்துகொண்டிருக்கலாம். எனக்கும் அம்மாவின் நோயின் பெயர் தேடல் முடிவில் அப்படியே நின்றது. தளத்தைத் திறந்தால் இல்லை, தேடினால் இருக்கிறது. தேடுபொறி தன்னிடம் இருக்கும் பழைய பிரதியைக் காட்டுவதால் அப்படி ஆகிறது. கூகுளில் இதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க ஒரு பக்கம் இருக்கிறது:

```
search.google.com/search-console/remove-outdated-content
```

மதிப்புரையின் முகவரியையும், இப்போது பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லையும் கொடுத்தால் சரிபார்த்துப் பழைய வரிகளை எடுப்பார்கள். தளத்தில் அந்தச் சொல் இன்னும் இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். அதனால்தான் தளத்தில் நீக்கிய பிறகே இங்கே வர வேண்டும்.

இதெல்லாம் முடிந்து, தளத்தில் கணக்கையும் மூடிய பிறகு, இப்போது போய் `Remove` பொத்தானை அழுத்துங்கள்.

## 7. உங்கள் சொந்தப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதியதை அகற்றுவது

நான் சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். அதன் கூகுள் பக்கத்தில் மொத்தம் எட்டு மதிப்புரைகள். ஏழு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எட்டாவதாக ஒரு அம்மையார் ஒரு நட்சத்திரம் போட்டு, "மெத்தையை இரண்டாவது மாடிக்குத் தூக்க உங்கள் ஆட்கள் மறுத்துவிட்டார்கள்" என்று எழுதினார். என்னிடம் மெத்தையும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. ஏறக்குறைய அதே பெயரில் வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்தாக இருந்த என் சராசரி நாலரைக்கு இறங்கியது. எட்டே மதிப்புரைகள் இருக்கும் இடத்தில் ஒன்று அவ்வளவு இழுக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பக்கம் என்றாலும், பிறர் எழுதிய மதிப்புரையை நீக்கும் பொத்தான் உங்களிடம் இல்லை. கூகுளில் மதிப்புரைகளை மொத்தமாக நிறுத்திவைக்கும் வசதியும் இல்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் அது உண்டு. பக்கத்தின் கணக்குக்கு மாறி, அமைப்புகளில் தனியுரிமைப் பிரிவில் `Page and tagging` என்ற இடத்தில், மதிப்புரைகளைப் பார்க்கவும் எழுதவும் பிறரை அனுமதிக்கலாமா என்ற கேள்வி இருக்கும். அதை அணைத்தால் நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்து மறையும். மறையுமே தவிர அழியாது. மீண்டும் இயக்கினால் அந்தக் கெட்டதும் திரும்பி வரும். ஒரே ஒருவருக்காகப் பத்துப் பேரின் நல்ல சொல்லை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திடீரென்று பொய் மதிப்புரைகள் குவியும்போது சில நாட்களுக்கு அணைத்துவைக்கலாம்.

கூகுளில் செய்யக்கூடியது புகார். மதிப்புரைக்கு அருகில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு `Report review` என்பதைத் தேர்ந்தால் காரணங்களின் பட்டியல் வரும். எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அநியாயம், என் பெயர் கெடுகிறது என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளருக்கும் உங்களுக்கும் நடந்த சச்சரவில் யார் சொல்வது உண்மை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. பொருளுக்குத் தொடர்பில்லாதது, போட்டியாளரோ முன்னாள் ஊழியரோ எழுதியது, வசைச்சொல், தனிநபரின் தொலைபேசி எண் போன்ற விவரம், இப்படி விதியை மீறியவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. உண்மையாக வந்த வாடிக்கையாளர் கடுமையாக எழுதியிருந்தால் அது நிற்கும். அதற்குப் பதில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுப் புகார் கொடுக்கச் சொல்வதாலும் பலன் இல்லை. அவர்கள் பார்ப்பது விதிமீறல் இருக்கிறதா என்பதைத்தான்.

புகார் கொடுத்த பிறகு அதன் நிலையை, தொழில் பக்கத்தை நிர்வகிக்கும் கணக்கிலிருந்து கூகுளின் மதிப்புரை நிர்வாகக் கருவியில் பார்க்கலாம். பதில் வரச் சில நாட்கள் ஆகும். நிராகரிக்கப்பட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். ஒரே முறைதான் என்பதால் கோபத்தோடு அதைச் செலவழித்துவிடாதீர்கள். பொருளுக்குத் தொடர்பில்லாதது என்று நான் கொடுத்த முதல் புகார் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் போகும் முன், அந்த அம்மையாருக்கே பதில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"வணக்கம் அம்மா. நாங்கள் ஆவணங்களை மொழிபெயர்க்கும் அலுவலகம். வீடு மாற்றும் பணி எங்களுடையது அல்ல. நீங்கள் தேடுவது கிட்டத்தட்ட இதே பெயருள்ள வேறு நிறுவனமாக இருக்கலாம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். முடிந்தால் இந்த மதிப்புரையை அங்கே மாற்றிவிடுங்கள்" என்று எழுதினேன். குற்றம் சாட்டவில்லை. இந்தப் பதிலை அவர் மட்டுமல்ல, பக்கத்துக்கு வருகிற எல்லோரும் படிப்பார்கள். மெத்தைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து அவர் அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்புக் கேட்டார். "நீக்கலாம் என்று பார்த்தால் என் மதிப்புரைப் பட்டியலில் அது இல்லவே இல்லை சார், யாரோ என் பெயரில் எழுதியிருக்கிறார்களோ" என்றார். நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் எத்தனை கூகுள் கணக்குகள் இருக்கின்றன என்று கேட்டேன். அவருடையது ஒன்று, வீட்டுக்குப் பொதுவாக மகன் தொடங்கி வைத்தது ஒன்று. மேப்ஸ் செயலியின் மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு மற்றக் கணக்குக்கு மாறச் சொன்னேன். "இதோ இருக்கிறது, மெத்தை" என்றார். மூன்று புள்ளிகள், நீக்கு, அவ்வளவுதான். மதிப்புரையோடு என் பதிலும் சேர்ந்து போனது.

இதற்கு நடுவே ஒரு முகவர் எனக்கு மடல் அனுப்பியிருந்தார். கட்டணம் கட்டினால் எந்த மதிப்புரையையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அவரால் செய்ய முடிந்ததும் நீங்கள் இலவசமாகக் கொடுக்கும் அதே புகார்தான். எழுதியவருக்குப் பணமோ தள்ளுபடியோ கொடுத்து நீக்கச் சொல்வதும் கூகுளின் விதிப்படி தவறு. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு விதி, மிரட்டி மதிப்புரையை எடுக்கவைப்பதையும் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. உண்மையிலேயே அவதூறு என்றால் சட்டப்படி நீக்கக் கோரும் தனிப் படிவம் கூகுளில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் பணம் செலவாகக்கூடிய ஒரே இடம் அதுதான்.

நீக்கப்பட்ட பிறகு சராசரி உடனே மாறவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எனக்கு நான்காம் நாள் காலையில் பார்த்தபோது ஏழு மதிப்புரைகளும் ஐந்து என்ற எண்ணும் இருந்தன.